சாக்கு எடையும் ஒரு பணிமுடிவுக் கடிதமும்: ஏற்காடு கிடங்கில் நடந்தது

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சேலத்தில் காப்பித்தூள், மிளகு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முதலாளி போன் செய்தார். அவர் போன்ற சிறு நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கும் பணியாளர் தாள்களும் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

"தம்பி, ஏற்காடு ஸ்டோருக்குப் போட்ட ஆள் சரிப்பட்டு வரலைங்க. மாசக் கடைசில லெட்டர் குடுத்துடலாம்னு இருக்கேன். நானே எழுதி வெச்சுட்டேன். நீங்க ஒருக்கா பாத்துட்டீங்கன்னா போதும்."

அவருக்குச் சேலத்தில் வறுக்கும் இடமும் கடையும், ஏற்காட்டில் ஒரு கிடங்கும் உண்டு. சிறு தோட்டக்காரர்கள் மூட்டையில் கொண்டுவரும் காப்பியையும் மிளகையும் எடை போட்டு வாங்கி, வாரத்துக்கு இரண்டு வண்டி கீழே அனுப்புவது அந்தக் கிடங்கின் வேலை. மொத்தம் ஒன்பது பேர் கொண்ட நிறுவனம். கிடங்குப் பொறுப்பாளர் 29 வயதுக்காரர், ஊர் ஆத்தூர்ப் பக்கம், சம்பளம் 24,000 ரூபாய். தினமும் மலை ஏறி இறங்க முடியாது என்பதால் கிடங்கு மாடியிலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். (ஆட்கள் யாரென்று தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதலாளி வாட்ஸப்பில் அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது:

"தாங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே இருந்து வந்தீர்கள். இருப்பினும் தங்கள் வேலையில் பல குறைபாடுகள் உள்ளன. கிடங்கில் 38 கிலோ சரக்கு கணக்கில் வரவில்லை, இதற்குத் தங்களிடம் சரியான பதில் இல்லை. காலதாமதமாக வருவதும், மேற்பார்வையாளரை மதிக்காததும் தொடர்கிறது. ஆகவே தகுதிகாண் பருவத்தில் தாங்கள் தகுதியற்றவர் என்று தெரியவருவதால், வருத்தத்துடன் தங்களைப் பணிநீக்கம் செய்கிறோம். 15 நாளில் அறையைக் காலி செய்யவும்."

தேதி நவம்பர் 29 என்று இருந்தது. நான் முதலில் பிடித்துக்கொண்டது அந்தத் தேதியைத்தான்.

தேதியில் இருந்த சிக்கல்

நியமனக் கடிதத்தை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்தது ஜூன் 3. தகுதிகாண் பருவம் ஆறு மாதம். அந்தக் காலத்தில் எந்தத் தரப்பும் 15 நாள் முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று ஷரத்து இருந்தது. ஜூன் 3-லிருந்து எண்ணினால் டிசம்பர் 2-ஆம் தேதி ஆறு மாதம் நிறைகிறது.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41-ஆம் பிரிவுக்கு இந்த ஆறு மாதம்தான் எல்லைக்கோடு. தொடர்ந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்பக் கூடாது. காரணம் இருந்தாலும் குறைந்தது ஒரு மாத முன்னறிவிப்போ ஒரு மாதச் சம்பளமோ கொடுக்க வேண்டும். முறையான விசாரணையில் ஒழுங்கீனம் நிரூபணமாகியிருந்தால் மட்டும் முன்னறிவிப்பு தேவையில்லை. பாதிக்கப்பட்டவர் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் மேல்முறையீடும் செய்யலாம். நியமனக் கடிதத்தில் 15 நாள் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அந்தக் கோட்டைத் தாண்டியபின் அதைக் காட்டித் தப்பிக்க முடியாது.

நவம்பர் 29-இல் கடிதம் கொடுத்து 15 நாள் வேலையும் வாங்கினால் கடைசி நாள் டிசம்பர் 14 ஆகிவிடும். கடிதம் ஆறு மாதத்துக்குள், வேலை முடிவது ஆறு மாதத்துக்கு வெளியே. முதலாளிகள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ப்ரொபேஷன் முடிவதற்கு முன்னால் கடிதம் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வேலை எந்த நாளோடு முடிகிறது என்பதையல்லவா எண்ண வேண்டும்?

வழி இரண்டு இருந்தது. மறுநாளே, அதாவது நவம்பர் 15-ஆம் தேதியே கடிதம் கொடுத்தால் 16-லிருந்து 30 வரை சரியாக 15 நாள். இல்லையென்றால் மாதக் கடைசியில் கொடுத்து, அன்றோடு வேலையை முடித்து, 15 நாள் சம்பளமான 12,000 ரூபாயைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலாளி முதல் வழியைத் தேர்ந்தெடுத்தார். பணத்துக்காக மட்டும் இல்லை. அறுவடைப் பருவம் தொடங்குகிற நேரம், கிடங்கை இன்னொருவரிடம் ஒப்படைக்க அந்த இரண்டு வாரம் அவருக்குத் தேவைப்பட்டது. கடிதம் பெற்றவர் மனம் நொந்து இரண்டு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அதற்குக் கடிதத்தில் ஒரு வாசகம் சேர்த்தோம், பின்னால் வருகிறது.

அந்த 38 கிலோ

கடிதத்தில் இருந்த மிகப் பெரிய ஆபத்து இந்த எண்தான். சரக்கு கணக்கில் வரவில்லை, பதில் இல்லை என்று எழுதினால் படிப்பவர் யாராக இருந்தாலும் திருட்டு என்றுதான் புரிந்துகொள்வார். அந்த வார்த்தை கடிதத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை.

தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை "வேலை திருப்திகரமாக இல்லை" என்று சொல்லி முடித்துக்கொள்வது வேறு, அவர் மேல் ஒரு குற்றத்தைச் சுமத்தி அனுப்புவது வேறு. உச்ச நீதிமன்றம் அரசுப் பணி சார்ந்த வழக்குகளில் இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. குறைபாடு பற்றிய எண்ணம் முடிவுக்கு வெறும் தூண்டுதலாக இருந்தால் கடிதம் நிற்கும். விசாரிக்காத ஒரு குற்றச்சாட்டே முடிவின் அடித்தளமாக இருந்தால் அது தண்டனை. தண்டனை என்றால் முதலில் விசாரணை. 1999-இல் தீப்தி பிரகாஷ் பானர்ஜி வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பணிமுடிவு உத்தரவு எந்தப் பழைய கடிதங்களைச் சுட்டுகிறதோ அவற்றில் களங்கம் இருந்தாலும் உத்தரவையே அது பாதிக்கும் என்றது. தனியார் கடைக்கு அந்த வழக்குகள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் 41-ஆம் பிரிவின் கீழோ தொழிலாளர் நீதிமன்றத்திலோ விஷயம் போனால், கேள்வி இதே பாதையில்தான் வரும்.

சரி, அந்த 38 கிலோ உண்மையில் என்ன என்று கேட்டேன். முதலாளிக்குத் தெரியவில்லை. வரவு ஏட்டுக்கும் சேலத்தில் இறங்கிய எடைக்கும் ஐந்து மாதத்தில் வந்த வித்தியாசம் அது, அவ்வளவுதான். ஏட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மாலை வரை அதோடுதான் உட்கார்ந்திருந்தேன். ஆகஸ்ட் இறுதியில் நடந்த இரண்டு கொள்முதல்களில், மொத்தம் 42 சணல் சாக்குகளுக்கு, நிகர எடைக் கட்டத்தில் சாக்கோடு சேர்ந்த எடையே எழுதப்பட்டிருந்தது. மற்ற நாட்களில் சாக்குக்கு 900 கிராம் கழித்திருக்கிறார். 42-ஐ 900 கிராமால் பெருக்கினால் 37.8 கிலோ.

சரக்கு எங்கும் போகவில்லை. ஏட்டில் கூடுதலாக எழுதப்பட்ட எடை சேலத்தில் வந்து சேரவில்லை, அவ்வளவே. தோட்டக்காரர்களுக்கும் எடைச் சீட்டின்படி சரியாகத்தான் பணம் போயிருந்தது. முதலாளியிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்படீன்னா அவர அனுப்ப வேண்டாம்ங்கறீங்களா?" என்று கேட்டார்.

அப்படியும் இல்லை. இந்தக் கண்டுபிடிப்பு அவர் கை சுத்தம் என்று காட்டியது. அதோடு, அந்த வேலை அவருக்கு ஏன் பொருந்தவில்லை என்பதையும் அதுவே காட்டியது. தோட்டக்காரர்களோடு பழகுவதில் கெட்டிக்காரர். சரக்கை முகர்ந்து பார்த்தே ஈரம் சொல்வார் என்று முதலாளியே சொன்னார். ஆனால் அன்றன்றைய வரவு செலவை அன்றே டேலியில் ஏற்றுவது அவருக்கு வரவில்லை. மூன்று நாள், நான்கு நாள் தள்ளிப்போகும். பின்னர் நினைவிலிருந்து எழுதுவார். இதை முதலாளி இரண்டு முறை எழுத்தில் சொல்லியிருந்தார். செப்டம்பர் 9-இல் ஒரு வாட்ஸப் செய்தி, அக்டோபர் 7-இல் ஒரு மின்னஞ்சல். அக்டோபரில் சேலம் கடைக் கணக்காளரை இரண்டு நாள் மலைக்கு அனுப்பிக் கற்றுக்கொடுக்கவும் செய்திருக்கிறார். அதன் பிறகும் நவம்பர் முதல் வாரப் பதிவுகள் 8-ஆம் தேதிதான் ஏறின.

காலதாமதம், மதிக்கவில்லை என்பவை பற்றிக் கேட்டேன். அப்படி எதையும் அவரிடம் சொன்னதே இல்லை என்றார் முதலாளி. அப்படியென்றால் அவை கடிதத்தில் வரக் கூடாது. ஒருவர் தன் மேல் உள்ள குறையைப் பணிமுடிவுக் கடிதத்தில்தான் முதன்முதலாகப் படிக்கிறார் என்றால் அந்தக் கடிதத்தை நியாயமானது என்று சொல்ல முடியாது. சேலம் கடையில் வேறு வேலை கொடுக்க முடியுமா என்றும் கேட்டுவைத்தேன். கொள்முதல் ஆள் ஏற்கெனவே இருக்கிறார், இன்னொருவருக்கு இடமில்லை என்றார். "ராஜினாமா எழுதிக் குடுக்கச் சொல்லிட்டா அவருக்கும் மரியாதையா இருக்குமில்லீங்களா?" என்று ஒரு யோசனையும் வந்தது. அவராகக் கேட்டால் பார்க்கலாம். நாமாக வற்புறுத்தி வாங்கினால் அது ராஜினாமா ஆகாது என்றேன்.

சொற்கள்

தமிழில் இந்தக் கடிதம் எழுதும்போது இரண்டு சொல் காலை வாரிவிடும். ஒன்று 'பணிநீக்கம்'. செய்தித்தாளில் லஞ்சம் வாங்கியவருக்கு வரும் சொல் அது; காதில் தண்டனையாகத்தான் விழும். 'பணி முடிவு' அல்லது 'பணியை முடித்துக்கொள்கிறோம்' என்றால் நடப்பது என்னவோ அதை மட்டும் சொல்லும். மற்றது 'தகுதியற்றவர்'. தகுதிகாண் பருவம் என்ற சொல்லிலேயே தகுதி இருப்பதால், முடிவு சாதகமாக இல்லையென்றால் கை தானாக 'தகுதியற்றவர்' என்று எழுதிவிடுகிறது. அந்தச் சொல் ஆளைக் குறிக்கிறது. நாம் சொல்ல வேண்டியது வேலையையும் அது கேட்கும் ஒரு குறிப்பிட்ட திறனையும் பற்றி மட்டும்.

குடும்பத்தில் ஒருவர் என்ற வாக்கியத்தையும் எடுக்கச் சொன்னேன். அதற்கு முதலாளி கொஞ்சம் வருத்தப்பட்டார், மனதில் பட்டதைத்தான் எழுதியிருந்தார். ஆனால் குடும்பத்தில் ஒருவரை யாரும் 15 நாள் நோட்டீஸில் அனுப்புவதில்லை. படிப்பவருக்கு அந்த வரி எரிச்சலைத்தான் மூட்டும்.

கடைசியில் நின்ற கடிதம் இது. முகவரிப் பகுதியை விட்டுவிட்டேன்.

> நாள்: 15.11.2024
>
> பொருள்: தகுதிகாண் பருவத்தில் பணி முடிவு
>
> அன்புடையீர்,
>
> 03.06.2024 முதல் எங்கள் ஏற்காடு கிடங்கில் கிடங்குப் பொறுப்பாளராகத் தகுதிகாண் பருவத்தில் பணியாற்றி வருகிறீர்கள். உங்கள் நியமனக் கடிதத்தின் முன்னறிவிப்பு ஷரத்தின்படி, 15 நாள் முன்னறிவிப்புடன் உங்கள் பணியை 30.11.2024 மாலையோடு முடித்துக்கொள்ள முடிவு செய்துள்ளோம்.
>
> அன்றாட இருப்புப் பதிவை அன்றே முடிப்பது இந்தப் பொறுப்புக்கு இன்றியமையாதது. இதுபற்றி முன்பு உங்களோடு பேசியிருக்கிறோம். பயிற்சிக்குப் பிறகும் இந்தப் பொறுப்புக்குத் தேவையான அளவில் அது அமையவில்லை. இந்த முடிவுக்குக் காரணம் இது ஒன்றே.
>
> நவம்பர் மாத முழுச் சம்பளம் ரூ. 24,000, எடுக்காத 4 நாள் விடுப்புக்கு ரூ. 3,200, நிலுவையில் உள்ள பயணச் செலவு ரூ. 640, ஆக மொத்தம் ரூ. 27,840 உங்கள் வங்கிக் கணக்கில் 03.12.2024-க்குள் செலுத்தப்படும்.
>
> கிடங்குச் சாவி, எடை ஏடு, அலுவலக போன் ஆகியவற்றை 30.11.2024 அன்று ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். மாடி அறையில் 07.12.2024 வரை வாடகையின்றித் தங்கலாம். இடைப்பட்ட நாட்களில் வேறு வேலைக்கான நேர்காணல் இருந்தால் முன்னதாகத் தெரிவித்துவிட்டுச் சென்றுவரலாம்; அதற்குச் சம்பளம் பிடிக்கப்படாது.
>
> பணியாற்றிய காலத்தையும் பொறுப்பையும் குறிப்பிடும் பணிச் சான்றிதழ் 30.11.2024 அன்று வழங்கப்படும். தோட்டக்காரர்களுடன் நீங்கள் ஏற்படுத்திய நல்லுறவுக்கு நன்றி. இக்கடிதம் பற்றி எதுவும் கேட்க வேண்டுமானால் என்னை நேரடியாக அழைக்கலாம்.

செப்டம்பர் செய்தி, அக்டோபர் மின்னஞ்சல் இரண்டின் தேதியையும் வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. பின்னால் கேள்வி வந்தால் காட்ட அவை கோப்பில் இருக்கின்றன. கடிதம் அவற்றைச் சுட்டினால், கோபத்தில் தட்டிய ஒவ்வொரு வரியும் கடிதத்தின் பகுதியாகிவிடும். செப்டம்பர் செய்தியில் "பொறுப்பே இல்லையா?" என்று ஒரு வரி இருந்தது.

நன்றி வரியைப் பற்றியும் பேச்சு வந்தது. பொதுவான புகழ்ச்சி என்றால் நான் வெட்டியிருப்பேன். முதல் பத்தியில் பாராட்டி இரண்டாம் பத்தியில் அனுப்பும் கடிதம் பெறுபவரையும் குழப்பும், "நன்றாக வேலை செய்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்ற வாதத்துக்கும் இடம் தரும். இது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது, உண்மையானது, காரணத்தோடு மோதாதது. அதனால் கடைசியில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

விடுப்புக் கணக்கு: நியமனக் கடிதப்படி மாதத்துக்கு ஒரு நாள், ஆறில் இரண்டு எடுத்திருந்தார். ஒரு நாள் சம்பளத்தை அவர்கள் 30-ஆல் வகுத்துப் போடுவார்கள், 800 ரூபாய். இருபது பேருக்குக் குறைவான இடம் என்பதால் வருங்கால வைப்பு நிதி இங்கே இல்லை; இருந்திருந்தால் வெளியேறிய தேதியை இபிஎஃப்ஓ தளத்தில் ஏற்றித் தர வேண்டியிருக்கும். அதை மறந்துவிடுவதால் எத்தனையோ பேரின் பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. கணக்குத் தீர்ப்பதற்கான கெடு பற்றி ஒரு சொல்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலை முடிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளத்தைத் தீர்க்கச் சொல்கிறது. இந்தக் கடிதத்தில் நாங்கள் போட்ட டிசம்பர் 3-உம் அந்த அளவுதான். நவம்பர் 30 சனிக்கிழமை.

இந்த மாதிரியை அப்படியே எடுத்துப் பயன்படுத்த நினைப்பவர்களுக்கு: ஆறு மாதம் தாண்டியவருக்கு இது போதாது. கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு இதைக் கொடுப்பதற்கு முன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் மகப்பேறு விதிகளைத் தெரிந்த ஒருவரிடம் கேட்டேயாக வேண்டும். உண்மையிலேயே திருட்டுச் சந்தேகம் இருந்தால் அதை "பொருந்தவில்லை" என்று மூடி அனுப்பவும் கூடாது. அதற்கு விசாரணை வழி தனியாக இருக்கிறது.

கொடுத்த விதம்

வெள்ளிக்கிழமை காலை முதலாளியே காரில் மேலே போனார். கணக்காளரிடம் கொடுத்தனுப்பலாமா என்று முந்தின இரவு கேட்டார், நான் வேண்டாம் என்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் வருவதற்கு முன், எட்டரை மணிக்கு, மாடி அறையில் உட்கார்ந்து முதலில் வாயால் சொல்லியிருக்கிறார். "தம்பி, இந்த மாசம் முப்பதோட வேலைய முடிச்சுக்கலாம்னு முடிவு பண்ணிருக்கேன். காரணம் பதிவு வேலைதான், வேற ஒண்ணுமில்ல." இதையே முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லியிருந்தேன். காப்பி விலை, மழை என்று சுற்றி வளைத்துவிட்டுச் சொன்னால் எதிரில் இருப்பவர் அத்தனை நேரமும் வேறு ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த 38 கிலோவுக்காகங்களா?" என்பது. கிடங்கில் பேச்சு ஏற்கெனவே அடிபட்டிருக்கிறது. முதலாளி ஏட்டுப் பிரதியைக் காட்டி, சாக்கு எடைக் கணக்கைச் சொல்லி, அதில் அவர் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை என்றிருக்கிறார். மூட்டை தூக்குகிறவர்கள் வந்ததும் அவர்கள் முன்னாலும் அதைச் சொன்னாராம். அது நான் சொல்லிக் கொடுத்ததில்லை.

கடிதப் பிரதியில் கையெழுத்து வாங்கும்போது ஒரு சின்னத் தகராறு. முதலாளி அடியில் "ஏற்றுக்கொள்கிறேன்" என்று தட்டச்சு செய்து கொண்டுபோயிருந்தார். அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார், மறுத்தது சரிதான். எனக்குப் போன் வந்தது. அதை அடித்துவிட்டு "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதச் சொன்னேன், தேதியோடு போட்டுக் கொடுத்தார். அப்போதும் மறுத்திருந்தால் அன்றே அவர் ஆத்தூர் முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரமும் வேலைக்கு வந்தார். ஒருநாள் நேர்காணலுக்குப் போய்வந்தார். 30-ஆம் தேதி சாவியும் ஏடும் கைமாறின, சான்றிதழும் கொடுத்தாயிற்று. அன்று இரவு ஃபெங்கல் புயல் கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாள் பெய்த பெருமழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுபோனது. முதல் கடிதத்தில் இருந்த "15 நாளில் காலி செய்யவும்" இந்த நவம்பர் 15 கடிதத்திலும் அப்படியே நின்றிருந்தால், அன்றே அறை காலியாகியிருக்க வேண்டும்; அவர் பெட்டியோடு எங்கே போயிருப்பார் என்று தெரியவில்லை. பணம் 3-ஆம் தேதி கணக்கில் ஏறியது. வழி திறந்தபின் 6-ஆம் தேதி அறைச் சாவியைச் சேலம் கடையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.